ஏற்றத்தில் ஏழு, இறக்கத்தில் மூன்று

பத்தொன்பது வருடமாக வானொலி ஒலிபரப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவள் தகவல்தொடர்புப் பொறியியல் தாளில் பெயிலாகிவிட்டாள் என்ற செய்தி, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நிலையத்தின் வாசற்காவலர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. காலை ஷிஃப்ட்டுக்கு வந்தவளிடம் அவர் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டிவிட்டு, துக்க வீட்டில் நிற்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேரியரம்மா, மனசு விட்றாதீங்க."

"நான் எங்கண்ணே விட்டேன்? மார்க்குதான் என்னை விட்டுடுச்சு."

நிலையத்தில் எல்லோருக்கும் அவள் கேரியரம்மாதான். அந்தப் பெயருக்கு இரண்டு கதைகள் உண்டு. தினமும் நாலடுக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்பது ஒன்று. ஒலிபரப்பியின் சுமப்பலையை, அதாவது பாட்டையும் பேச்சையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் அந்தக் கேரியரை, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வாள் என்பது இன்னொன்று. மீட்டரில் முள் ஒரு மயிரிழை நகர்ந்தால் அவளுக்குத் தூக்கம் கலைந்ததுபோல இருக்கும்.

டிப்ளமா படித்து டெக்னீஷியனாகச் சேர்ந்தவள். தனக்குப் பின்னால் வந்த நாலு பேர் பட்டம் இருந்ததால் ஷிஃப்ட் பொறியாளர்களாகி, அவளிடமே வேலை கற்றுக்கொண்டு அவளுக்கே உத்தரவும் போட்டார்கள். ஐந்தாவது ஆள் வந்த அன்றைக்குத்தான் மாலைநேரக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கினாள். நாற்பத்தொரு வயதில், இருபத்திரண்டு வயதுக்காரர்கள் நடுவே மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மற்ற தாள்களெல்லாம் தேறிவிட்டன. மிஞ்சியது இது ஒன்று. அதுவும் அவள் சொந்த வீடு மாதிரியான பாடம். தேற ஐம்பது வேண்டும். வந்தது நாற்பத்தாறு.

நிலையப் பொறியாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் சட்டம் பேசினார்.

"அடுத்த மாசக் கடைசிக்குள்ள சர்டிஃபிகேட் இருந்தாதான் அந்த ஷிஃப்ட் இன்ஜினியர் போஸ்ட்டுக்கு உங்க பேரை அனுப்ப முடியும். இல்லேன்னா வெளியிலிருந்து ஆள் வந்துருவாங்க. என் கையில எதுவும் இல்லம்மா."

"தெரியும் சார்."

"எங்க போச்சு மார்க்கு? கணக்குலயா?"

"கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன். எங்க போச்சுன்னுதான் பார்க்கணும்."

விடைத்தாளின் நகல் கேட்டு எழுதிப்போட்டாள். எட்டாம் நாள் பழுப்பு உறையில் வந்தது.

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அவள் உறையைப் பிரித்துக் கத்தரிக்கிற மேசைமேல் தாள்களைப் பரப்பினாள். அளவெடுத்துக் கோடு போட்டிருந்த துணியை அவர் பேசாமல் சுருட்டி ஓரம் வைத்தார்.

மார்க் எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கவில்லை. பதினான்காம் கேள்வியில் சிவப்பு மை கொட்டிக் கிடந்தது.

கேள்வி இதுதான். செய்தியைச் சுமப்பலையில் ஏற்றுகிற வீச்சுப் பண்பேற்றம் (ஏ.எம்.), அதிர்வெண் பண்பேற்றம் (எஃப்.எம்.), கட்டப் பண்பேற்றம் (பி.எம்.) மூன்றையும் அட்டவணை போட்டு ஒப்பிட வேண்டும். கீழே கொடுத்திருக்கும் முக்கோணச் செய்தி அலைக்கு மூன்றின் அலைவடிவத்தையும் வரைய வேண்டும். பதினாறு மதிப்பெண். அட்டவணைக்கு ஏழு, படம் ஒன்றுக்கு மூன்று வீதம் ஒன்பது.

தேர்வறையில் அந்த முக்கோணத்தைப் பார்த்ததும் சுற்றிலும் பெருமூச்சு விட்டார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. வழக்கமான அலையாக இல்லாமல் யோசித்து வரைகிற மாதிரி ஒருவர் கேட்டிருக்கிறாரே என்று மனதுக்குள் அந்த முகம் தெரியாத ஆசிரியருக்கு ஒரு வணக்கம்கூடப் போட்டாள். பென்சிலைச் சீவிக்கொண்டு நிதானமாக வரைந்தாள்.

அட்டவணை பழுதில்லை. சுமப்பலையில் எது மாறுகிறது, எவ்வளவு அலைவரிசை அகலம் பிடிக்கிறது, அனுப்பும் சக்தி மாறுமா மாறாதா, இரைச்சலைத் தாங்குமா, கருவி எளிதா கடினமா என்று வரிசையாகக் கட்டம் கட்டி எழுதியிருந்தாள். ஏழுக்கு ஆறு. முதல் படமான ஏ.எம்.முக்கு மூன்றுக்கு மூன்று. சுமப்பலையின் உயரம் முக்கோணத்தைப் போலவே ஏறி இறங்கும். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டாவது படத்தில் பெரிய பெருக்கல் குறி, பூஜ்யம். மூன்றாவதிலும் பூஜ்யம். பக்கத்திலேயே கோபமான கையெழுத்தில், "இது எஃப்.எம். படம். பி.எம். அல்ல" என்று ஒரு குறிப்பு.

அவள் அப்படியே நின்றாள்.

"என்ன சொல்லுது?" என்றார் கணவர்.

"ரெண்டு படம் தப்பாம்."

"தப்பா?"

"தப்பாத்தான் இருக்குமோ என்னமோ. திருத்தினவர் படிச்சவர். பத்தொம்பது வருஷமா நான் மீட்டரைப் பார்த்தேன், அவர் புத்தகத்தைப் பார்த்திருப்பார்."

ஆறு மார்க் போனதைவிட, தனக்குத் தெரிந்ததாக நினைத்தது தெரியாமல் போய்விட்டதோ என்ற எண்ணம்தான் அவளை உறுத்தியது. கணவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படங்களின்மேல் குனிந்தார். அவருக்குப் பாடம் தெரியாது. ஆனால் கோடு தெரியும்.

"இந்தா, இதுல மேலே போகப் போக நெருங்குது, கீழே வர வர அகலுது. அடுத்ததுல அப்படி இல்லையே. ஏறுற பக்கம் பூரா ஒரே நெருக்கம், இறங்குற பக்கம் பூரா ஒரே அகலம். வேணும்னே அப்படி வரைஞ்சியா, கை தவறிடுச்சா?"

"வேணும்னேதான் வரைஞ்சேன்."

"அப்ப காரணம் இருக்கும்ல?"

இருந்தது. அந்தக் காரணத்தை அவள் வாய்விட்டு அவருக்குச் சொல்லத் தொடங்கினாள். எஃப்.எம்.மில் செய்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்பச் சுமப்பலை வேகமாகும். ஆகவே முக்கோணத்தின் உச்சியில் நெருக்கம், அடியில் அகலம், நடுவில் படிப்படியாக மாறும். பி.எம்.மில் கதை வேறு. அங்கே செய்தியின் உயரம் அலையின் கட்டத்தை, அதாவது ஃபேஸை, முகடு விழும் இடத்தைத்தான் முன்னே தள்ளும். செய்தி ஒரே சீராக ஏறினால் கட்டமும் ஒரே சீராக முன்னேறிக்கொண்டே இருக்கும். அப்படி ஓயாமல் முன்னேறுகிற அலை, பார்ப்பதற்கு ஒரே வேகத்தில் கூடுதலாக ஓடுகிற அலைதான். இறங்கும்போது அதேபோல ஒரே சீராகப் பின்தங்கும். அதனால்தான் ஏற்றம் முழுக்க ஒரு நெருக்கம், இறக்கம் முழுக்க ஒரு அகலம்.

சொல்லி முடித்துவிட்டு அந்தச் சிவப்புக் குறிப்பை மறுபடி பார்த்தாள்.

"எனக்குப் பாதிதான் புரிஞ்சுது," என்றார் கணவர். "ஆனா சொல்லும்போது உனக்கு ஒரு இடத்துலயும் தடுக்கல."

அந்த நேரத்தில்தான் ஜெராக்ஸ் வந்தாள்.

ஜெராக்ஸ் அவளோடு பெஞ்சில் உட்காரும் பெண். எதைக் கொடுத்தாலும் கமா, முற்றுப்புள்ளி மாறாமல் மனப்பாடம் செய்து கொட்டிவிடுவாள் என்பதால் வகுப்பே வைத்த பெயர். அவளும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தாள். இந்தத் தாளில் ஐம்பத்துநாலு. அறுபது ஆகாதா என்ற ஆசையில் அவளும் நகல் வாங்கியிருந்தாள். ஒரு நிறுவனத்தில் வேலைக்கான கடிதம் அவள் கையில் இருந்தது. தேர்ச்சிச் சான்று காட்டினால் சேர்ந்துகொள்ளலாம்.

"அக்கா, உங்களுக்கே போச்சுன்னா இந்தத் தாள்ல என்னமோ தோஷம் இருக்கு," என்றபடி உட்கார்ந்தாள். "எனக்குப் பதினாலாவதுல பதினஞ்சு. உங்களுக்கு எவ்வளவு?"

"ஒம்பது."

இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஏ.எம். படத்தை மட்டும் ஜெராக்ஸ் கேள்வியிலிருந்த முக்கோணத்தைப் பார்த்தே வரைந்திருந்தாள். ஜெராக்ஸின் எஃப்.எம். படத்தில் அலை கொஞ்ச தூரம் ஒரே நெருக்கமாகவும், அப்புறம் கொஞ்ச தூரம் ஒரே அகலமாகவும் இருந்தது. பி.எம். படத்தில் ஒரே வேகத்தில் போகும் அலை திடீர் திடீரென்று வெட்டுப்பட்டுத் தலைகீழாகத் திரும்பியிருந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கு மூன்று.

கேரியரம்மா அந்த வெட்டைப் பார்த்தாள். அதற்கு மேலே இருந்த முக்கோணத்தைப் பார்த்தாள். மறுபடி வெட்டைப் பார்த்தாள்.

"இந்த இடத்துல அலை ஏன் திரும்புது?"

"அதுவா? அங்கதான் திரும்பும்க்கா."

"ஏன் திரும்பும்?"

"நோட்ஸ்ல அப்படித்தான் இருக்கு."

"செய்தி திடீர்னு குதிச்சாத்தானே ஃபேஸ் திடீர்னு குதிக்கும்? முக்கோணம் எங்கயாவது குதிக்குதா? அது சரிவுல சறுக்கிட்டுப் போகுது. அந்த நோட்ஸைக் கொண்டு வந்திருக்கியா?"

ஜெராக்ஸ் பையிலிருந்து எடுத்தாள். பத்து வருடமாகக் கை மாறிக் கை மாறி ஓரமெல்லாம் மடங்கிப்போன துறைத்தலைவரின் பாடக்குறிப்பு. அதே அட்டவணை, அதே மூன்று படங்கள். ஆனால் மேலே இருந்த செய்தி அலை முக்கோணம் அல்ல. சதுரம். செங்குத்தாக ஏறி, தட்டையாக ஓடி, செங்குத்தாக இறங்குகிற சதுர அலை.

கேரியரம்மாவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. சதுர அலைக்கு இந்தப் படங்கள் அத்தனையும் சரி. கேள்வி எடுத்தவர் சதுரத்தை முக்கோணமாக மாற்றியிருக்கிறார். ஏ.எம். படம் கண்ணுக்கே தப்பாகத் தெரியும் என்பதால் அதை மட்டும் விடைக்குறிப்பில் புதிதாக வரைந்திருக்கிறார். மற்ற இரண்டையும் பழசிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார். திருத்தினவர்கள் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தியிருக்கிறார்கள்.

"அப்படின்னா..." என்றாள் ஜெராக்ஸ். "நீங்க சரி. நான் தப்பு."

"ம்."

"எனக்கு அந்த ஆறு போச்சுன்னா நாப்பத்தெட்டு."

கணவர் தையல் இயந்திரத்தின் பக்கம் போய், அங்கே செய்ய வேலை இல்லாவிட்டாலும் ஊசியில் நூல் கோர்த்தார்.

கேரியரம்மா நகலை மடித்து அவள் கையில் கொடுத்தாள். "இதை நான் பார்க்கல. என் தாளை மட்டும் வெச்சு நான் எழுதிப் போடறேன்."

"உங்க தாளை மட்டும் வெச்சா யார்க்கா கேப்பாங்க? பெயிலானவங்க எல்லாரும்தான் நான் எழுதினது சரின்னு எழுதிப் போடறாங்க." ஜெராக்ஸ் கொஞ்ச நேரம் நகலின் மடிப்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு அதை மேசைமேல் வைத்தாள். "ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் புரியும். வெச்சுக்கங்க. எனக்குப் பயமாத்தான் இருக்கு. மனசு மாறுறதுக்குள்ள வெச்சுக்கங்க."

மறுப்புக் கடிதம் ஒன்றரைப் பக்கம். கூடவே இரண்டு விடைத்தாள்கள், பாடக்குறிப்பின் ஒரு பக்கம். பத்து நாள் கழித்து அழைப்பு வந்தது. மாலை நாலு மணிக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி முன்னிலையில் விளக்கம் கேட்கப்படும்.

அதிகாரி கணக்குத்துறைக்காரர். ஒல்லியான அம்மாள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதவர். அவருக்கு வலப்பக்கத்தில் துறைத்தலைவர். முழுக்கைச் சட்டை, பையில் மூன்று நிறப் பேனா. சுவரோரமாக ஜெராக்ஸ். அவளையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

"நீங்க என்ன வேலை பார்க்குறீங்க?" என்றார் துறைத்தலைவர்.

"ஒலிபரப்பு நிலையத்துல டெக்னீஷியன் சார்."

"நல்லது. அனுபவம் வேற, தியரி வேறம்மா. இந்தப் படம் பத்து வருஷமா இருக்கு. எத்தனையோ பேர் இதைப் படிச்சு வெளியே போயிருக்காங்க. ஒருத்தரும் தப்புன்னு சொல்லல."

"பத்து வருஷமா கேள்வில சதுர அலை சார். இந்த வருஷம்தான் முக்கோணம்."

"செய்தி எதுவா இருந்தா என்ன? எஃப்.எம்.ல ரெண்டு வேகம். பி.எம்.ல ஃபேஸ் திரும்பணும். அதுதான் அடையாளம்."

அவள் விளக்கத் தொடங்கினாள். அவர் இடைமறித்தார். அவள் மறுபடி தொடங்கினாள். அவர் ஒரு சூத்திரத்தைச் சொன்னார். அது சரியான சூத்திரம்தான், அவள் பக்கம்தான் பேசியது, ஆனால் அவர் அதைத் தன் பக்கமாக நினைத்துச் சொன்னார். அதிகாரியின் பார்வை கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியதை அவள் கவனித்தாள். பேச்சு இப்படியே போனால் ஐந்து மணிக்கு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். தப்பு எங்கேயும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

"சார், பக்கத்துலதானே ஆய்வகம்? ரெண்டு சிக்னல் ஜெனரேட்டர், ஒரு ஸ்கோப் இருந்தா போதும். அலையே வந்து சொல்லட்டும்."

துறைத்தலைவர் அதிகாரியைப் பார்த்தார். "பத்து நிமிஷத்துல முடியுமா?" என்றார் அதிகாரி.

"அதுக்கும் கம்மியா முடிச்சிடுவேன் மேடம்."

ஆய்வகத்தில் மேசைமேல் உறை போட்டு மூடிய கருவிகள் இருந்தன. அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உறைகளை எடுத்தாள். ஒரு ஜெனரேட்டரில் முக்கோண அலை, வினாடிக்கு ஆயிரம். இன்னொன்றில் சுமப்பலை, வினாடிக்குப் பத்தாயிரம். முக்கோணத்தை இரண்டாவதன் பின்புறத் துளையில் செருகினாள். ஸ்கோப் என்கிற அலைக்காட்டியின் மேல்பாதியில் முக்கோணம், கீழ்ப்பாதியில் பண்பேறிய அலை.

"முதல்ல பி.எம்.," என்று பொத்தானை அழுத்தினாள்.

கீழே அலை சும்மா போய்க்கொண்டிருந்தது. நெருக்கமும் இல்லை, அகலமும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோல முகடுகள் ஒரே இடைவெளியில் நின்றன.

"பார்த்தீங்களா," என்றார் துறைத்தலைவர். குரலில் ஏளனம் இல்லை. ஒருவித நிம்மதிதான் இருந்தது. "ஒண்ணும் மாறல."

ஜெராக்ஸ் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. கேரியரம்மா திரையின் ஓரத்து எண்களைப் படித்தாள்.

"எப்படி சார் மாறும்? கட்ட விலகல் பத்து டிகிரியில நிக்குது. யாரோ முன்னாடி வெச்சது. பத்து டிகிரி தள்ளினா கண்ணுக்கா தெரியும்?"

எண்ணை மாற்றினாள். முந்நூற்றறுபது. கீழ்ப்பாதி முழுவதும் ஒரே பச்சைப் புகையாகக் குழம்பியது. எந்த முகடும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அதிகாரி கண்ணைச் சுருக்கினார்.

"இது என்ன?"

"ரெண்டு ஜெனரேட்டரும் அவங்கவங்க தாளத்துல ஓடுது மேடம். ஒண்ணோட ஒண்ணு பூட்டல. ஒவ்வொரு தடவையும் அலை வேற இடத்துல வந்து விழுது. ஒரே ஒரு தடவை மட்டும் பிடிச்சு நிறுத்திட்டா போதும்."

ஒருமுறைப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். திரை ஒருதரம் கண் சிமிட்டி, உறைந்து நின்றது.

முக்கோணம் ஏறுகிற பக்கம் முழுவதும் முகடுகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில். உச்சியைத் தாண்டியதும், கத்தரித்து வேறு துணியை ஒட்டினாற்போல, இறங்குகிற பக்கம் முழுவதும் அகலமாக, ஒரே இடைவெளியில். எங்கேயும் வெட்டு இல்லை. தலைகீழ் இல்லை.

"எண்ணிப் பாருங்க சார்."

துறைத்தலைவர் பேனாவின் மூடியைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஏற்றத்தில் ஏழு. இறக்கத்தில் மூன்று. பிறகு மேசையிலிருந்த அவளுடைய விடைத்தாளை எடுத்து, சிவப்பு மைக்குக் கீழே பென்சிலில் இருந்ததை எண்ணினார். ஏழு. மூன்று. இன்னொரு முறை திரையை எண்ணினார்.

"எஃப்.எம். போடுங்க," என்றார் மெதுவாக.

அவள் மாற்றி, மறுபடி நிறுத்தினாள். இப்போது ஏற்றத்தில் ஐந்து, இறக்கத்திலும் ஐந்து. ஆனால் எல்லாம் உச்சியை நோக்கி நெருங்கி, அடியை நோக்கி விலகியிருந்தன. விடைத்தாளில் இரண்டாவதாக இருந்த படம் அப்படியே.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. அவள் அவரைப் பார்க்காமல் ஜெனரேட்டரின் பக்கம் திரும்பினாள். முக்கோணத்தைச் சதுரமாக மாற்றினாள், பி.எம்.முக்குப் போனாள், விலகலைத் தொண்ணூறு டிகிரிக்குக் குறைத்தாள், நிறுத்தினாள். சதுரம் குதிக்கிற ஒவ்வொரு இடத்திலும் அலை வெட்டுப்பட்டுத் தலைகீழாகத் திரும்பியது.

"உங்க படமும் சரிதான் சார். அது அதோட கேள்விக்குச் சரி."

அவர் அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பினார். அவர் அப்போது பேசியதைக் கேரியரம்மா பிறகு பலரிடம் மரியாதையோடு சொல்லியிருக்கிறாள்.

"விடைக்குறிப்பு தப்பு மேடம். நான் போட்டது. பசங்க மனப்பாடம் பண்ணி எழுதுறாங்கன்னு நான்தான் சதுரத்தை முக்கோணமா மாத்தினேன். கடைசியில மனப்பாடம் பண்ணவங்களுக்கு முழு மார்க், யோசிச்சவங்களுக்குப் பூஜ்யம். இந்தம்மா தாள் மட்டும் இல்ல, எல்லாத் தாளையும் எடுக்கணும்."

"எத்தனை தாள்?"

"இருநூத்திப் பன்னிரண்டு."

அதிகாரி குறித்துக்கொண்டார். ஜெராக்ஸ் சுவரோரம் தரையைப் பார்த்தபடி நின்றாள். கேரியரம்மா கையில் பிடித்திருந்த கேபிளைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள்.

"மேடம், ஒரு விஷயம். பழைய படத்தை வரைஞ்சவங்க குறிப்பை நம்பி வரைஞ்சாங்க. அது துறையோட குறிப்பு. அவங்க மார்க்கைக் குறைக்காதீங்க. இந்தத் தப்பு வெளியே வந்ததே, குறைஞ்சா தான் பெயிலாவோம்னு தெரிஞ்சும் அந்தப் பொண்ணு தன் தாளைக் கொடுத்ததாலதான்."

அதிகாரி ஜெராக்ஸை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நீ கொடுத்தியா?"

"ஆமா மேடம்."

"வெளியிட்ட மார்க்கை எங்க தப்புக்காகக் குறைக்க விதியில இடம் இல்ல. அதை நீங்க கேக்கவே வேண்டாம்." அதிகாரியின் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாக ஏதோ அசைந்தது. "ஆனா கேட்டது நல்லாருந்துது."

பன்னிரண்டு நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்குக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் திருத்திய பட்டியல் ஒட்டினார்கள். அவள் அரைநாள் விடுப்பு போட்டிருந்தாள். கணவர் கடையை மூடிவிட்டு, கழுத்தில் அளவு நாடா தொங்குவதுகூடத் தெரியாமல் கூடவே வந்திருந்தார். பலகையின் முன்னால் ஒரே கூட்டம். அவளால் உள்ளே நுழைய முடியவில்லை. ஜெராக்ஸ்தான் முழங்கையால் வழி செய்துகொண்டு போனாள்.

"அக்கா, அம்பத்திரண்டு!"

கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த நாடாவின் நுனியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு எவ்வளவும்மா?" என்று ஜெராக்ஸைக் கேட்டார்.

"அதே அம்பத்துநாலு. திங்கக்கிழமை வேலையில சேரச் சொல்லிட்டாங்க. ஆனா எனக்கு ஒரே ஒரு உதவி வேணும்." அவள் கேரியரம்மாவைப் பார்த்தாள். "அந்த முக்கோணத்துக்கு பி.எம். படத்தை நேத்து நானே வரைஞ்சேன். எந்த நோட்ஸையும் பார்க்கல. சரியான்னு சொல்லுங்க."

கேரியரம்மா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஏற்றத்தில் எட்டு, இறக்கத்தில் இரண்டு.

"நான் ஏழு, மூணுதானே போட்டேன்? எட்டு, ரெண்டு எங்கிருந்து வந்துச்சு?"

"விலகலைக் கொஞ்சம் கூட்டி வெச்சேன்க்கா. கூட்டினா எட்டு ரெண்டு வரணும்ல? மொத்தம் பத்துதானே?"

கேரியரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவளை முந்திக்கொண்டு போகிற எவரையும் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. "இனிமே உன்னை ஜெராக்ஸ்னு கூப்பிட முடியாது போல இருக்கே."

பட்டியலில் புதிதாகத் தேறியவர்கள் அவளோடு சேர்த்து முப்பத்தெட்டுப் பேர். செய்தி எப்படியோ பரவிவிட்டது. தாடி வைத்த ஒரு பையன், யாரென்றே தெரியாது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றான்.

"அந்த முக்கோணக்கா நீங்கதானா?"

"ஆமா தம்பி."

"எனக்கு நாப்பத்தேழு இருந்துச்சு. இப்ப அம்பத்து மூணு. சரியாத்தான் வரைஞ்சேன்னு வீட்ல சொன்னேன், ஒருத்தரும் நம்பல." கையை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக் குலுக்கினாள். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஒருவன், அவன் அம்மா. கல்யாண வீட்டு வாசலில் வரவேற்க நிற்பவள்போல அவள் ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டே நின்றாள். தூரத்தில் துறைத்தலைவர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்றார். அவளைக் கண்டதும், அந்த மூன்று நிறப் பேனா குத்திய பைமேல் கையை வைத்துத் தலையை ஒருமுறை தாழ்த்திவிட்டுப் போனார்.

பெயர் அனுப்பும் கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்னதாகச் சான்றிதழ் நிலையப் பொறியாளர் மேசைக்குப் போனது. உத்தரவு வர மூன்று வாரமாயிற்று. ஷிஃப்ட் பொறியாளராக அவள் உட்கார்ந்த முதல் நாள், காலை ஒலிபரப்பு தொடங்க ஆறு நிமிடம் இருந்தது. அவளிடம் வேலை கற்று அவளுக்கே உத்தரவு போட்ட அந்த ஐந்தாவது ஆள் கட்டுப்பாட்டு மேசையின் முன்னால் எழுந்து நின்றான்.

"கேரியரை ஏத்தலாமா மேடம்?"

அவள் மீட்டர்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். எல்லா முட்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"ஏத்துங்க," என்றாள்.